அத்தியாயம் 6: அட்டையில் வாரம், சுவரில் தேதி

பேறுகாலத்துக்குப் பிறந்த வீட்டுக்குப் போவது இன்றும் மணலி புதுநகரில் வழக்கம்தான். குழந்தை ராயபுரம் ஆர்.எஸ்.ஆர்.எம். மருத்துவமனையில் பிறக்கலாம், திருவண்ணாமலையிலோ நெல்லூரிலோ பிறக்கலாம். தாய் சேய் நல அட்டை தாயோடு இருக்கும். அப்பா இங்கே ஆலை ஷிப்டில் இருப்பார். அவர் கைக்கு வருவது வாட்ஸ்அப்பில் ஒரு படம்: அட்டையின் தடுப்பூசிப் பக்கம். அதில் தேதி எதுவும் இருக்காது. 6 வாரம், 10 வாரம், 14 வாரம், 9 மாதம் என்று வயதுதான் இருக்கும். எந்த நாளில் லீவு சொல்வது, எந்த நாளில் ஊரிலிருந்து கூட்டிவருவது என்று முடிவு செய்ய அவருக்குத் தேதி வேண்டும். படத்தில் உள்ள வயதுகளைத் தேதிகளாக மாற்றுவதுதான் இந்த அத்தியாயம்.

1. முதலில் படத்தைச் சரியாகப் படியுங்கள்

கணக்கு தவறுவதைவிடப் படத்தைத் தவறாகப் படிப்பதே அதிகம். அட்டை மடிந்திருக்கும், பிளாஸ்டிக் உறையில் ஃப்ளாஷ் வெளிச்சம் விழுந்து ஒரு வரி மறைந்திருக்கும், அல்லது படம் எடுத்தவரின் கட்டைவிரல் ஓரத்தை மறைத்திருக்கும். அட்டையை உறையிலிருந்து எடுத்து, தரையில் விரித்து, ஜன்னல் வெளிச்சத்தில் ஃப்ளாஷ் இல்லாமல் மறுபடி எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். மேல் வரியில் உள்ள தலைப்புகளும் படத்துக்குள் இருக்க வேண்டும்.

பிறகு ஒரு தாளில் எண்ணையும் அலகையும் சேர்த்தே எழுதுங்கள். வெறும் எண்ணை எழுதவே கூடாது. காரணம் அட்டையிலேயே இருக்கிறது. 10 என்ற எண் அரசு அட்டவணையில் இரண்டு இடங்களில் வரும்: ஒன்று 10 வாரம், மற்றொன்று 10 வயதில் போடும் டி.டி. ஊசி. 16 என்ற எண்ணும் அப்படித்தான்: 16 மாதத்தில் ஒன்று, 16 வயதில் ஒன்று. மங்கலான படத்தில் அலகு தெரியாவிட்டால் எந்த 10, எந்த 16 என்று சொல்ல முடியாது.

படித்தது சரியா என்று பார்க்க ஒரு வழி உண்டு. பென்டாவேலன்ட் ஊசி மூன்று முறை வரும். அது 6, 10, 14 வாரம். ஒவ்வொன்றுக்கும் நடுவில் சரியாக 4 வாரம். நீங்கள் எழுதிய மூன்று எண்களுக்கு நடுவே 4, 4 வராவிட்டால் ஏதோ ஒரு எண்ணைத் தவறாகப் படித்திருக்கிறீர்கள்.

சரியாகப் படித்த அரசு அட்டவணை இரண்டு வயது வரை இப்படி இருக்கும்:

- பிறந்தவுடன்: பி.சி.ஜி., போலியோ சொட்டு மருந்து, ஹெபடைடிஸ் பி
- 6 வாரம்: போலியோ சொட்டு, பென்டாவேலன்ட், ரோட்டா சொட்டு, போலியோ ஊசி, நிமோகோக்கல் ஊசி
- 10 வாரம்: போலியோ சொட்டு, பென்டாவேலன்ட், ரோட்டா சொட்டு
- 14 வாரம்: 6 வாரத்தில் போட்ட ஐந்தும் மறுபடி
- 9 முதல் 12 மாதம்: எம்.ஆர். ஊசி, நிமோகோக்கல் பூஸ்டர், போலியோ ஊசி மூன்றாவது தவணை
- 16 முதல் 24 மாதம்: எம்.ஆர். இரண்டாவது, டி.பி.டி. பூஸ்டர், போலியோ சொட்டு பூஸ்டர்

மூளைக்காய்ச்சல் தடுப்பூசி சில மாவட்டங்களில் மட்டும் 9 மாதத்திலும் 16 மாதத்திலும் சேரும். தனியார் குழந்தை மருத்துவமனை தரும் அட்டையில் இன்னும் சில ஊசிகள் இருக்கும். ஆனால் 6, 10, 14 வாரம் என்ற வரிசை அங்கும் இதேதான்.

உறவினர் யாரோ அனுப்பிய படம் என்றால் அது எந்தக் காலத்து அட்டவணை, எந்த நாட்டு அட்டவணை என்றும் பார்க்க வேண்டும். எம்.ஆர். என்று இல்லாமல் வெறும் தட்டம்மை ஊசி என்று இருந்தால் அது 2017-க்கு முந்தையது. நிமோகோக்கல் ஊசி இல்லையென்றால் 2021-க்கு முந்தையது. 9 மாதத்தில் போலியோ ஊசி இல்லையென்றால் 2023-க்கு முந்தையது. லண்டனில் இருக்கும் மாமா அனுப்பிய படத்தில் 8, 12, 16 வாரம் என்று இருக்கும். இலங்கை அட்டவணையில் 2, 4, 6 மாதம் என்று இருக்கும். அவை அந்தந்த நாட்டுக்குச் சரி. மணலி புதுநகரில் போடும் ஊசிக்கு இங்கே கொடுத்த அட்டைதான் கணக்கு.

2. பிறந்த தேதியை உறுதி செய்யுங்கள்

எல்லாத் தேதியும் இந்த ஒரு தேதியிலிருந்து பிறப்பதால் இதில் ஒரு நாள் பிசகினால் பட்டியல் முழுவதும் பிசகும். நம் வீடுகளில் பொழுது விடிந்தால்தான் மறுநாள். ஞாயிறு அதிகாலை 2 மணிக்குப் பிறந்த குழந்தையைப் பாட்டி "சனிக்கிழமை ராத்திரி பிறந்தது" என்பார். ஜாதகத்துக்கு அது சரி. தடுப்பூசிக் கணக்குக்கு நள்ளிரவு 12 மணி தாண்டினால் மறுநாள். ஆகவே வீட்டில் கேட்டு எழுதாமல், மருத்துவமனை டிஸ்சார்ஜ் சீட்டில் உள்ள தேதியைப் பார்த்து எழுதுங்கள்.

குறைமாதத்தில் பிறந்த குழந்தைக்கும் பிறந்த தேதியே கணக்கு. டாக்டர் முன்பு குறித்துக்கொடுத்த பிரசவத் தேதியிலிருந்து எண்ணக் கூடாது. எடை மிகக் குறைவாக இருந்து டாக்டர் வேறு தேதி சொன்னால் அதன்படி நடக்கலாம்.

பிறந்தவுடன் போட வேண்டியவற்றுக்குப் பட்டியல் தேவையில்லை. போட்டாயிற்றா என்று மட்டும் டிஸ்சார்ஜ் சீட்டில் பாருங்கள். பிறந்தவுடன் போடும் ஹெபடைடிஸ் பி ஊசிக்கு 24 மணி நேரம்தான் கெடு. பிறந்தவுடன் தரும் போலியோ சொட்டுக்கு 15 நாள். பி.சி.ஜி. விட்டுப்போயிருந்தால் ஒரு வயதுக்குள் போட்டுக்கொள்ளலாம்.

3. வாரத்தை வாரமாகவே எண்ணுங்கள்

பேச்சு வழக்கில் இவை "நாற்பத்தஞ்சு நாள் ஊசி", "எழுபத்தஞ்சு நாள் ஊசி", "நூத்தஞ்சு நாள் ஊசி". ஒன்றரை மாதம், இரண்டரை மாதம், மூன்றரை மாதம் என்று வைத்து வந்த பெயர்கள். அட்டை சொல்லும் கணக்கு வேறு. 6 வாரம் என்றால் 42 நாள், 10 வாரம் என்றால் 70 நாள், 14 வாரம் என்றால் 98 நாள்.

மூன்று நாள், ஐந்து நாள், ஏழு நாள் வித்தியாசம்தானே என்று தோன்றும். அது எங்கே போய் முடிகிறது என்று ஒரு குழந்தையை வைத்துப் பார்ப்போம். 2025 நவம்பர் 15, சனிக்கிழமை பிறந்த குழந்தை என்று கொள்வோம்.

நவம்பருக்கு 30 நாள். 15-ஆம் தேதிக்குப் பிறகு நவம்பரில் 15 நாள் மீதி. 42-இல் 15 போனால் 27. ஆகவே 6 வாரம் நிறைவது டிசம்பர் 27. அங்கிருந்து 28 நாள் கூட்டினால் 10 வாரம்: ஜனவரி 24. மறுபடி 28 கூட்டினால் 14 வாரம்: பிப்ரவரி 21.

இப்போது கிழமையைப் பாருங்கள். டிசம்பர் 27, ஜனவரி 24, பிப்ரவரி 21 மூன்றும் சனிக்கிழமை. குழந்தை பிறந்ததும் சனிக்கிழமை. வாரக் கணக்கில் கூட்டிய எந்தத் தேதியும் பிறந்த கிழமையிலேயே விழ வேண்டும். கணக்கு சரியா என்று பார்க்க இதைவிடச் சுலபமான சோதனை கிடையாது. வெள்ளிக்கிழமை வந்தால் பிறந்த நாளையும் ஒன்று என்று சேர்த்து எண்ணியிருக்கிறீர்கள். பிறந்த நாள் பூஜ்யம், மறுநாள்தான் ஒன்று. வேறு கிழமை வந்தால் மாதத்தின் நாட்களில் எங்கோ தவறு. சுவரில் மாட்டிய தினசரிக் காலண்டரில் அந்தத் தேதிகளைப் புரட்டிக் கிழமை பார்த்தாலே போதும்.

4. புதன்கிழமைக்கு நகர்த்துங்கள்

தமிழ்நாட்டின் ஆரம்ப சுகாதார நிலையங்களில் தடுப்பூசி நாள் புதன்கிழமை. உங்கள் மையத்தில் வேறு நாளிலும் போடுகிறார்கள் என்றால் சிஸ்டரிடம் கேட்டு அந்த நாளை வைத்துக்கொள்ளுங்கள். விதி ஒன்றுதான்: கணக்கில் வந்த தேதி அன்று, அல்லது அதற்குப் பிறகு வரும் முதல் புதன். முந்தின புதன் கூடாது. 6 வாரம் என்பது குறைந்தபட்ச வயது. டிசம்பர் 24, புதன்கிழமை கூட்டிப்போனால் குழந்தைக்கு 39 நாள்தான் ஆகியிருக்கும்; திரும்பி வர வேண்டியதுதான்.

நம் குழந்தைக்கு இப்படி வரும்:

- 6 வாரம்: டிசம்பர் 27 நிறைவு, டிசம்பர் 31, புதன்
- 10 வாரம்: ஜனவரி 24 நிறைவு, ஜனவரி 28, புதன்
- 14 வாரம்: பிப்ரவரி 21 நிறைவு, பிப்ரவரி 25, புதன்

இதே குழந்தைக்கு 45, 75, 105 நாள் என்று எண்ணியிருந்தால்? 45-ஆம் நாள் டிசம்பர் 30. அடுத்த புதன் 31. முதல் ஊசியில் வித்தியாசம் தெரியாது. 75-ஆம் நாள் ஜனவரி 29, வியாழக்கிழமை. ஜனவரி 28 புதன் முந்தின நாளே போய்விட்டது. அடுத்தது பிப்ரவரி 4. 105-ஆம் நாள் பிப்ரவரி 28. அடுத்த புதன் மார்ச் 4. பேச்சு வழக்கில் சில நாளாக இருந்தது, புதன்கிழமைக் கணக்கில் ஒரு முழு வாரமாகிவிடுகிறது. தாமதமாகப் போடுவதால் ஊசியின் பலன் கெடாது. ஆனால் கக்குவான் இருமல் போன்ற நோய்கள் கைக்குழந்தைக்குத்தான் அதிக ஆபத்து. அந்த வாரம் முழுக்கக் குழந்தைக்கு முழுக் காப்பு இருக்காது.

5. மாதத்தை மாதமாகவே எண்ணுங்கள்

14 வாரம் முடிந்ததும் அட்டை மாதத்துக்குத் தாவுகிறது. இங்கே வாரக் கணக்கைத் தொடரக் கூடாது. மாதத்துக்கு நாலு வாரம், ஆகவே 9 மாதம் 36 வாரம் என்று எண்ணினால் நம் குழந்தைக்கு 2026 ஜூலை 25 வரும். உண்மையில் 9 மாதம் நிறைவது ஆகஸ்ட் 15. மூன்று வாரம் முந்திவிடும். எம்.ஆர். ஊசியில் இது சிறிய விஷயமில்லை. தாயிடமிருந்து வந்த எதிர்ப்புச் சக்தி குழந்தையின் உடலில் சில மாதம் தங்கியிருக்கும். அது அதிகமாக இருக்கும்போது போட்டால் ஊசி சரியாக வேலை செய்யாது. 9 மாதம் காத்திருப்பது அதற்காகத்தான்.

மாதக் கணக்கு சுலபம்: அதே தேதி, மாதம் மட்டும் மாறும். நவம்பர் 15-க்கு 9 மாதம் ஆகஸ்ட் 15. சுதந்திர தினம், சனிக்கிழமை. அடுத்த புதன் ஆகஸ்ட் 19. 16 மாதம் 2027 மார்ச் 15. அடுத்த புதன் மார்ச் 17. இங்கே கிழமைச் சோதனை செல்லாது, ஏனெனில் மாதங்கள் 28, 30, 31 என்று மாறுகின்றன. மாதக் கடைசியில் பிறந்த குழந்தைக்கு அதே தேதி இல்லாமல் போகலாம். மே 31-இல் பிறந்தால் 9 மாதத்தில் பிப்ரவரி 31 கிடையாது. மார்ச் 1 என்று எழுதுங்கள்.

"9 முதல் 12 மாதம்", "16 முதல் 24 மாதம்" என்ற வரிகளுக்கு இரண்டு தேதியும் எழுதுங்கள். முதல் தேதி போக வேண்டிய நாள், இரண்டாவது அதற்குமேல் தள்ளக் கூடாத நாள். நம் குழந்தைக்கு 2026 ஆகஸ்ட் 15 முதல் நவம்பர் 15 வரை; பிறகு 2027 மார்ச் 15 முதல் நவம்பர் 15 வரை.

6. தவணை தள்ளிப்போனால்

பிறந்த தேதியை வைத்து எழுதிய பட்டியல், எல்லாம் நேரத்துக்கு நடந்தால்தான் செல்லும். ஒரு தவணை தள்ளினால் அடுத்த வரியைத் திருத்தியே ஆக வேண்டும்.

2023 டிசம்பர் முதல் வாரம் மிக்ஜாம் புயல் மழையில் வடசென்னையின் பல பகுதிகளில் வெள்ளம் நின்றது நினைவிருக்கும். அந்த வாரத்தின் புதன் டிசம்பர் 6. அந்த ஆண்டு அக்டோபர் 25, புதன்கிழமை பிறந்த ஒரு குழந்தைக்குச் சரியாக அன்றுதான் 6 வாரம். பட்டியலில் டிசம்பர் 6, ஜனவரி 3, ஜனவரி 31 என்று இருக்கும். தண்ணீரைத் தாண்டிப் போக முடியாமல் டிசம்பர் 13 அன்று போட்டார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். பட்டியலைத் திருத்தாமல் ஜனவரி 3 அன்று போய் நின்றால் இடையில் 21 நாள்தான். இரண்டு தவணைக்கு நடுவே குறைந்தது 28 நாள் வேண்டும். எனவே அடுத்தது ஜனவரி 10, அதற்கடுத்தது பிப்ரவரி 7.

விதியை ஒரே வரியில் எழுதி அட்டையோடு வைக்கலாம்: பிறந்த தேதியிலிருந்து வரும் தேதி ஒன்று, கடைசியாகப் போட்ட நாளிலிருந்து 28 நாள் கழித்து வரும் தேதி ஒன்று, இரண்டில் எது பிந்தியதோ அதுதான் அடுத்த தேதி. எத்தனை வாரம் தள்ளினாலும் முதல் தவணையிலிருந்து மறுபடி தொடங்க வேண்டாம். விட்ட இடத்திலிருந்து தொடரலாம். பென்டாவேலன்ட்டும் ரோட்டாவும் முதல் தவணையே போடாமல் ஒரு வயது தாண்டினால் அரசுத் திட்டத்தில் அவற்றைத் தொடங்குவதில்லை. எம்.ஆர். விட்டுப்போயிருந்தால் 5 வயது வரை போடலாம்.

7. போனிலேயே கணக்குப் போட

கூகுள் ஷீட்ஸ் அல்லது எக்செல் இருந்தால் கூட்டலை அதனிடம் விடலாம். B1 கட்டத்தில் பிறந்த தேதி. நாலாம் வரிசையிலிருந்து A-இல் ஊசியின் பெயர், B-இல் எண், C-இல் நிறையும் தேதி, D-இல் அடுத்த புதன்.

```
B1:  =DATE(2025,11,15)
C4:  =$B$1+B4*7
C7:  =EDATE($B$1,B7)
D4:  =C4+MOD(4-WEEKDAY(C4),7)
E4:  =TEXT(C4,"dddd")
```

C4-இல் உள்ளது வார வரிசைகளுக்கு. C5, C6-க்கும் அதையே இழுத்துவிடுங்கள். C7-இல் உள்ளது மாத வரிசைகளுக்கு. D4, E4-ஐயும் எல்லா வரிசைக்கும் இழுத்துவிடுங்கள். E கட்டத்தில் கிழமை வரும். வார வரிசை மூன்றிலும் பிறந்த கிழமை இருக்க வேண்டும்.

மூன்று இடத்தில் கவனம். பிறந்த தேதியை 05/03/2026 என்று தட்டினால் சில போன்கள் அதை மே 3 என்று எடுத்துக்கொள்ளும். அதனால்தான் B1-இல் ஆண்டு, மாதம், நாள் என்று தனித்தனியாகக் கொடுத்திருக்கிறேன். C7-இல் தேதிக்குப் பதில் 46249 என்பது போல ஓர் எண் வந்தால் பயப்பட வேண்டாம். கட்டத்தின் ஃபார்மட்டைத் தேதி என்று மாற்றினால் 2026 ஆகஸ்ட் 15 என்று காட்டும். மே 31-இல் பிறந்த குழந்தைக்கு இது மார்ச் 1-க்குப் பதில் பிப்ரவரியின் கடைசி நாளைக் காட்டும். அப்போது ஒரு நாள் கூட்டிக்கொள்ளுங்கள்.

8. எழுதி முடித்த பிறகு

பட்டியலைத் தாளில் எழுதி அட்டைக்குள் வையுங்கள். ஒவ்வொரு வரியிலும் மூன்று இடம் விடுங்கள்: நிறையும் தேதி, போக வேண்டிய புதன், போட்ட நாள். மூன்றாவது இடத்தை ஊசி போட்ட அன்றே நிரப்புங்கள். அடுத்த தேதி அதிலிருந்துதான் கிடைக்கும். நிரப்பிய பட்டியலைப் படம் எடுத்து ஊரில் இருப்பவர்களுக்கும் அனுப்புங்கள்.

மையத்துக்குப் போகும்போது படத்தை மட்டும் காட்டாதீர்கள். அசல் அட்டையைக் கொண்டுபோங்கள். சிஸ்டர் அட்டையில் பென்சிலால் எழுதும் அடுத்த தேதியும் உங்கள் பட்டியலும் ஒத்துப்போகிறதா என்று அங்கேயே பாருங்கள். ஒத்துப்போகாவிட்டால் "போன தவணை இன்ன தேதியில் போட்டது சிஸ்டர், 28 நாள் இன்ன தேதியிலதான் ஆகுது" என்று கேளுங்கள். ஊசி போடுவதா, காய்ச்சலுக்காகத் தள்ளுவதா என்பதை அவர்தான் முடிவு செய்வார். குழந்தையை அந்தப் புதன்கிழமை அங்கே கொண்டுசேர்ப்பது உங்கள் பொறுப்பு.